பட்டனைத் தட்டியும் தாமதமாகக் குதிப்பது ஏன்? இன்புட் லேக் திருத்தம், அறிகுறி வாரியாக

எங்கள் விளையாட்டில் குதிக்கும் பட்டனைத் தட்டியதிலிருந்து திரையில் கால் தரையை விட்டு எழும்வரை, பழைய பதிப்பில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சுமார் 117 மில்லிசெகண்ட் ஆனது. புதிய அப்டேட்டில் அதே கணினி, அதே கீபோர்டில் சுமார் 67. நடுவில் குறைந்த 50 மில்லிசெகண்டில் ஒன்றுகூட குதிப்பின் கணக்கைத் திருத்தியதால் வந்ததல்ல. ஈர்ப்பு விசை, குதிக்கும் உயரம், ஓடும் வேகம் எதையும் தொடவில்லை. தயாரான படங்கள் திரைக்குப் போகும் வழியில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. அந்த வரிசையைத்தான் குறைத்திருக்கிறோம்.

உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துக் கீழே பாருங்கள். எல்லாத் தாமதமும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சில அறிகுறிகளுக்குத் தீர்வு இந்த அப்டேட்டில் இருக்கிறது, சிலவற்றுக்கு உங்கள் டிவி ரிமோட்டில்.

## வி-சிங்க் போட்டால் மந்தம், எடுத்தால் சுறுசுறுப்பு

ஒவ்வொரு படத்தையும் திரையின் சுழற்சிக்குக் காத்திருக்கவைத்துக் காட்டும் அமைப்புதான் வி-சிங்க். வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த வகை. முதலில் படிக்கும்போது அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நல்ல கணினி வைத்திருப்பவர்களுக்குத் தாமதம் அதிகம், பழைய கணினிக்காரர்களுக்குக் குறைவு. எதிரியே இல்லாத முதல் கட்டத்தில் கனமாக இருக்கிறது, நாற்பது எதிரிகள் சூழும் கட்டத்தில் கை லேசாகிறது. கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் `Low Latency Mode`-ஐ `Ultra`-வுக்கு மாற்றினால் தேவலாம். எஃப்பிஎஸ்-ஐ 59-இல் கட்டிப்போட்டாலும் தேவலாம்.

இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு காரணம்தான் பொருந்தும்: சிபியு திரையை விட வெகுதூரம் முன்னால் ஓடுகிறது.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு படம்தான் வாங்கிக்கொள்ளும். வெறிச்சோடிய கட்டத்தில் ஒரு ஃபிரேமுக்கான கணக்கை முடிக்க சிபியுவுக்கு 3 மில்லிசெகண்ட் போதும். மிச்ச நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை, அடுத்த ஃபிரேமைத் தொடங்கிவிடும். விண்டோஸில் விளையாட்டு படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்3டி 11, வேறு ஏதும் சொல்லாவிட்டால், இப்படி மூன்று ஃபிரேம்வரை முன்கூட்டியே அடுக்க அனுமதிக்கும். மூன்றும் நிரம்பிய பிறகுதான், படத்தைத் திரைக்கு அனுப்பும் `Present` என்ற அழைப்பு சிபியுவை நிறுத்திவைக்கும்.

தோசைக்கடையில் மூன்று தோசையை முன்னதாகவே சுட்டு அடுக்கிவைத்த மாதிரி. "அடுத்தது முறுகலாக" என்று நீங்கள் சொன்னால், மாஸ்டர் உடனே கல்லில் முறுகலாகத்தான் ஊற்றுகிறார். ஆனால் அடுக்கில் இருக்கும் மூன்றும் தீர்ந்த பிறகே அது உங்கள் தட்டுக்கு வரும். மாஸ்டர் எவ்வளவு வேகமானவரோ அவ்வளவு உறுதியாக அடுக்கு நிரம்பியே இருக்கும். நல்ல கணினியில் லேக் அதிகமாக இருந்த காரணம் இதுவே. எதிரிகள் கூடியதும் சிபியு ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்டைத் தாண்டிவிடுகிறது. முன்னால் ஓட நேரமில்லாததால் வரிசை காலியாகிறது, கை லேசாகிறது.

மூன்று ஃபிரேம் என்பது 60 ஹெர்ட்ஸில் 50 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸில் அதே மூன்று ஃபிரேம் 21 மில்லிசெகண்டுக்கும் குறைவு. வேகமான மானிட்டர்காரர்கள் இதைப் பற்றி அவ்வளவாகப் புகார் சொல்லாததற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது, அது பின்னால் வருகிறது.

திருத்தத்தில் இரண்டு பாகம். ஒன்று, வரிசையின் நீளத்தை ஒன்றாகக் குறைப்பது. மற்றது, எந்த இடத்தில் காத்திருக்கிறோம் என்பதை மாற்றுவது. அதிகம் பலன் தந்தது இரண்டாவது. பழைய லூப் பட்டனைப் படித்து, கணக்குப் போட்டு, படம் வரைந்து, கடைசியில் `Present`-இல் போய்க் காத்திருந்தது. அதாவது பட்டன் செய்தியைக் கையில் வாங்கிய பிறகு காத்திருப்பு. காத்திருக்கும் நேரமெல்லாம் அந்தச் செய்தி பழசாகிக்கொண்டே போகும். புதிய லூப் முதலில் காத்திருக்கிறது, வரிசையில் இடம் கிடைத்த பிறகே பட்டனைப் படிக்கிறது.

```cpp
// தொடக்கத்தில் ஒருமுறை
desc.SwapEffect = DXGI_SWAP_EFFECT_FLIP_DISCARD;
desc.Flags = DXGI_SWAP_CHAIN_FLAG_FRAME_LATENCY_WAITABLE_OBJECT;
// swap chain உருவான பிறகு
swapChain2->SetMaximumFrameLatency(1);
HANDLE slot = swapChain2->GetFrameLatencyWaitableObject();

// ஒவ்வொரு ஃபிரேமிலும்
WaitForSingleObjectEx(slot, 1000, TRUE);
readInput();
simulate();
render();
swapChain2->Present(1, 0);
```

சொந்தமாக விளையாட்டு எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதல் ஃபிரேமுக்கு முன்பும் அந்தக் காத்திருப்பு நடக்கவேண்டும். "முதல் படத்துக்கு எதற்கு" என்று அதை விட்டுவிட்டால் கணக்கு ஒன்று தள்ளிப்போய், குறைத்த தாமதத்தில் ஒரு ஃபிரேம் திரும்ப வந்துவிடும். ஜன்னலின் அளவு மாறும்போது `ResizeBuffers`-க்கும் `desc.Flags`-இல் வைத்த அதே கொடியைக் கொடுக்கவேண்டும். மறந்தால் அந்த அழைப்பே தோற்றுப்போகும், ரெசல்யூஷன் மாற்றிய கணத்தில் விளையாட்டு விழும்.

எஃப்பிஎஸ்-ஐ 59-இல் கட்டிப்போட்டவர்கள் இப்போது அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். அது வேலை செய்ததற்குக் காரணம், திரை கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் வரிசை ஒருபோதும் நிரம்பாது என்பது. அதற்கு விலையும் இருந்தது: நொடிக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை காட்டப்படும். ஓடும்போது பின்னணி ஒழுங்கான இடைவெளியில் லேசாகத் தட்டுத்தடுமாறுவது அதனால்தான். `Ultra` அமைப்பும் இனி தேவையில்லை. டிரைவர் வெளியிலிருந்து செய்ததை விளையாட்டே உள்ளே செய்துகொள்கிறது.

## ஜன்னல் முறையிலும் பார்டர்லெஸ்ஸிலும் மட்டும் கூடுதல் தாமதம்

வரிசையைக் குறைத்ததிலும் காத்திருக்கும் இடத்தை மாற்றியதிலும் சேர்த்து 60 ஹெர்ட்ஸில் இரண்டு ஃபிரேம், அதாவது 33 மில்லிசெகண்ட் மிச்சம். மொத்தம் 50 என்று சொன்னோமே, மிச்ச 17 எங்கிருந்து வந்தது என்றால், அது இந்த இடத்திலிருந்து.

பழைய பதிப்பு படத்தை விண்டோஸிடம் நகலெடுத்துக் கொடுக்கும் பழைய முறையில் இயங்கியது. டெஸ்க்டாப்பை அடுக்கித் தரும் விண்டோஸ் பாகம் அந்த நகலை வாங்கி, டாஸ்க்பார், மற்ற ஜன்னல்கள் எல்லாவற்றோடும் சேர்த்துத் திரைக்கு அனுப்பும். இதில் ஒரு ஃபிரேம் போகும். மேலே உள்ள கோடில் இருக்கும் `FLIP_DISCARD` முறையில் நகல் இல்லை. விளையாட்டு முழுத்திரையையும் மூடியிருந்து அதன்மேல் வேறு எதுவும் இல்லையென்றால், விண்டோஸ் ஒதுங்கிக்கொண்டு படத்தை நேரே திரைக்கு விடும்.

எது நடக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இன்டெல் இலவசமாகத் தரும் PresentMon-ஐ ஓடவிட்டு, விளையாட்டின் வரியில் `PresentMode` என்ற இடத்தைப் பாருங்கள். `Hardware: Independent Flip` என்றிருந்தால் நேர்வழி. பார்டர்லெஸ்ஸில் `Composed: Flip` என்றிருந்தால் உங்கள் விளையாட்டின் மேல் வேறு எதுவோ மிதக்கிறது: அரட்டை மென்பொருளின் மேல்திரை, எஃப்பிஎஸ் காட்டும் சிறு ஜன்னல், எப்போதும் மேலே நிற்கும்படி வைத்த மீடியா பிளேயர். அதை மூடினால் மறுகணமே வரி மாறும். `Composed: Copy with GPU GDI` என்று வந்தால் நீங்கள் இன்னும் பழைய பதிப்பில்தான் இருக்கிறீர்கள், அப்டேட் முழுதாக இறங்கவில்லை.

செட்டிங்ஸில் இருந்த "எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரை" காணாமல் போனதும் இதனால்தான். டைரக்ட்3டி 11-இல் அந்த முறையோடு மேலே சொன்ன காத்திருப்பு வசதி சேராது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நேர்வழியில் போகும் பார்டர்லெஸ் இருக்கும்போது எக்ஸ்க்ளூசிவை இழப்பதில் தாமதக் கணக்கில் நஷ்டமில்லை, ஆல்ட்-டேப் அடித்தால் திரை கறுத்துப்போகும் தொல்லையும் ஒழிந்தது. டெஸ்க்டாப்பை விடக் குறைந்த ரெசல்யூஷனில் விளையாடியவர்கள் இனி செட்டிங்ஸில் ரெண்டர் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு சிறிதாக வரைந்து, தானே பெரிதாக்கிக் காட்டும்.

## வீட்டிலேயே அளந்து பார்க்க

"இன்னும் லேக் இருக்கிறது" என்று எழுதுவதைவிட ஒரு எண்ணோடு எழுதினால் காரணத்தைப் பிடிப்பது சுலபம். அதற்கு நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் எடுக்கும் போன் போதும். அந்த வீடியோவில் ஒரு ஃபிரேம் 4.17 மில்லிசெகண்ட்.

கீபோர்டின் ஸ்பேஸ் பாரும் திரையில் நிற்கும் கதாபாத்திரமும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி போனைச் சாய்த்து நிறுத்துங்கள். கையில் பிடிக்கவேண்டாம், ஆடும். கதாபாத்திரம் திரையின் நடு உயரத்தில் இருக்கட்டும். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால் உச்சியிலும் அடியிலும் அளந்தால் எண் மாறும். அடுத்து ஸ்பேஸை இருபது முறை, தாளமில்லாமல், இடைவெளி மாற்றி மாற்றித் தட்டுங்கள். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, விரல் பட்டனை அடிவரை அழுத்திய ஃபிரேமிலிருந்து கதாபாத்திரத்தின் நிற்கும் தோற்றம் முதன்முதலில் மாறும் ஃபிரேம்வரை எண்ணுங்கள்.

பழைய பதிப்பில் இப்படி எண்ணினால் சராசரி 28 ஃபிரேம். 28-ஐ 4.17-ஆல் பெருக்கினால் 117. புதியதில் 16, அதாவது 67. ஒரே ஒரு தட்டலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். லூப் பட்டனைப் படித்த மறுகணம் நீங்கள் தட்டினால் அடுத்த முறை படிக்கும்வரை ஏறக்குறைய ஒரு முழு ஃபிரேம் வீண். படிப்பதற்குச் சற்று முன் தட்டினால் ஒன்றும் வீணில்லை. அதனால் 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு தட்டலும் 17 மில்லிசெகண்ட்வரை முன்பின் இருக்கும். இருபதும் ஒரே எண்ணாக வந்தால் எண்ணியதில்தான் சந்தேகப்படவேண்டும்.

மிச்சமிருக்கும் 67-ஐயும் பூஜ்யமாக்க முடியாது. பட்டனின் உலோகத் தொடர்பு அதிர்ந்து அடங்கும்வரை கீபோர்டே சற்றுக் காத்திருக்கும். தட்டல் சராசரியாக அரை ஃபிரேம் நேரம் படிக்கப்படாமல் கிடக்கும். வரைந்த படம் அடுத்த திரைச் சுழற்சிக்குக் காத்திருக்கும். சுழற்சி தொடங்கி நடுத்திரைக்கு வர இன்னொரு 8 மில்லிசெகண்ட். அதன் பிறகு பேனல் நிறம் மாற எடுக்கும் நேரம். இவற்றில் பாதியை மானிட்டர் மாற்றினால் குறைக்கலாம், அப்டேட்டால் குறைக்க முடியாது.

## குதிப்பு சரி, பாய்ச்சல் பட்டன் மட்டும் சில நேரம் வேலை செய்வதில்லை

இது தாமதமே இல்லை, தட்டல் தொலைந்துபோவது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தட்டிய பாய்ச்சல்களில் பாதிக்கு மேல் காணோம், 60 ஹெர்ட்ஸில் எப்போதாவது ஒன்று. "பட்டன் கெட்டுவிட்டது" என்று கேம்பேடை மாற்றியவர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், தவறு எங்கள் கோடில்.

விளையாட்டின் கணக்கு நொடிக்குச் சரியாக 60 முறை ஓடுகிறது, மானிட்டர் எதுவானாலும். 144 ஹெர்ட்ஸில் 12 படம் வரையும் நேரத்தில் கணக்கு 5 முறைதான் ஓடும். மற்ற 7 படங்களில் கணக்கு இல்லை, இடைப்பட்ட நிலையை வரைவது மட்டும். குதிப்புக்கான தட்டல் தனி வரிசையில் சேமிக்கப்பட்டுக் கணக்கு ஓடும்போது எடுக்கப்பட்டது. சென்ற அப்டேட்டில் சேர்த்த பாய்ச்சல் மட்டும் ஒரு கொடியாக, ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அழிக்கப்பட்டது.

```cpp
dashPressed = false;      // தவறு இங்கே
pollInput();              // தட்டினால் true ஆகும்
while (acc >= TICK) {
    step(dashPressed);
    acc -= TICK;
}
```

கணக்கு ஓடாத 7 படங்களில் ஒன்றில் தட்டினால் கொடி ஏறும், யாரும் பார்க்கமாட்டார்கள், அடுத்த படத்தில் இறங்கிவிடும். 12-க்கு 7 தொலைவது இப்படி. 60 ஹெர்ட்ஸில் படத்துக்கு ஒரு கணக்கு என்று ஏறக்குறைய சரியாக அமைந்துவிடுவதால் பிழை ஒளிந்துகொண்டது.

இதே பிழைக்கு மறுமுகமும் உண்டு. விளையாட்டு 30 எஃப்பிஎஸ்-க்கு இறங்கினால் ஒரு படத்துக்குள் கணக்கு இரண்டு முறை ஓடும், இரண்டும் அதே கொடியைப் பார்க்கும். ஒருமுறை தட்டியதற்கு இரண்டு கட்டை சக்தி குறைகிறது என்று மடிக்கணினிக்காரர்கள் எழுதியது இதைத்தான். கொடியை அழிக்கும் வரியை `step`-க்கு அடுத்து, வளையத்துக்குள் நகர்த்தியதில் இரண்டும் தீர்ந்தன: கணக்கு பார்க்கும்வரை தட்டல் நிற்கும், பார்த்தவுடன் போகும்.

## அப்டேட்டுக்குப் பிறகு 60 எஃப்பிஎஸ் 30-க்கு விழுகிறது

இது வரிசையைக் குறைத்ததற்கான விலை. பலவீனமான கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினிகளில் மட்டும் தெரியும்.

வரிசை நீளமாக இருந்தபோது, ஜிபியு ஒரு படத்தை வரையும் நேரத்தில் சிபியு அடுத்ததைக் கணக்கிட்டது. வரிசை ஒன்றானதும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. உங்கள் கணினியில் சிபியுவுக்கு 7, ஜிபியுவுக்கு 12 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். சேர்ந்து நடந்தபோது இரண்டுமே 16.7-க்குள். வரிசையாக நடந்தால் 19. திரைச் சுழற்சியைத் தவறவிட்டு, வி-சிங்க் அடுத்த சுழற்சிவரை நிறுத்திவைக்கும்: ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட், அதாவது 30 எஃப்பிஎஸ். தாமதத்தைக் குறைக்கப் போய் அது கூடிவிடும்.

இவர்கள் செட்டிங்ஸில், காட்சி என்ற பக்கத்தில், "ஃபிரேம் வரிசை" என்பதை 1-இலிருந்து 2 ஆக்குங்கள். ஒரு ஃபிரேம் தாமதம் கூடும், 60 திரும்பிவிடும். பழைய மூன்றை விட அப்போதும் குறைவே. முதலில் நிழல் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள் என்பது எங்கள் யோசனை. ஜிபியு நேரம் 12-இலிருந்து 9-க்கு வந்தாலே 7-உம் 9-உம் 16, சுழற்சிக்குள் அடங்கிவிடும், வரிசை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அது விளிம்பில் நிற்கும் கணக்கு. எதிரிகள் கூடும் கட்டத்தில் தடுக்கினால் யோசிக்காமல் 2 வையுங்கள்.

ஃபிரீசிங்க், ஜி-சிங்க் மானிட்டர் உள்ளவர்களுக்கு இந்தச் சரிவு வராது, 19 மில்லிசெகண்ட் ஆனால் திரை 19 காத்திருக்கும். அவர்கள் செய்யவேண்டியது வேறு: எஃப்பிஎஸ் வரம்பை மானிட்டர் வேகத்தை விட மூன்று குறைவாக, 144-க்கு 141 என்று வையுங்கள். மானிட்டரின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால் வி-சிங்க் உள்ளே புகுந்து மறுபடி காத்திருக்கவைக்கும்.

## எல்லாம் செய்தும் தாமதம்

டிவியில் விளையாடுகிறீர்களா? ரிமோட்டில் கேம் மோடு போடுங்கள். மற்ற மோடுகளில் டிவி படத்தை வாங்கி மெருகேற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரம் எங்கள் கணக்கில் வராது. சில டிவிகளில் கேம் மோடு ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி, கேபிளை மாற்றிச் செருகினால் மறுபடி போடவேண்டும்.

கேம்பேடில் மட்டும் தாமதமா? புளூடூத்தைத் துண்டித்து யுஎஸ்பி கேபிளில் பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். மாறினால் காரணம் வானொலி அலையில்.

கடைசியாக, அதிகம் ஏமாற்றுவது ஒன்று. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தமே இல்லாமல் குதித்துப் பாருங்கள். திடீரென்று எல்லாம் சரியாகத் தெரிந்தால் தாமதம் படத்தில் இல்லை, புளூடூத் ஹெட்போனில் வரும் ஒலியில். கால் தரையில் பட்ட சத்தம் பிந்தினால் கண்ணும் குதிப்பே பிந்தியதாக நம்பிவிடுகிறது. வயர் ஹெட்போன் போட்டு மேலே சொன்ன 240 ஃபிரேம் சோதனையைச் செய்யுங்கள். அதிலும் சராசரி 20 ஃபிரேமுக்கு மேல் வந்தால், அந்த எண்ணையும் PresentMon காட்டிய வரியையும் மானிட்டரின் ஹெர்ட்ஸையும் சேர்த்து அனுப்புங்கள்.